பிரெஞ்சில் வந்த ‘பெர்மிட்’ மின்னஞ்சல்: சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் புதுப்பிப்பது எப்படி?

நம் பேச்சில் எல்லாமே ‘பெர்மிட்’தான். கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிக்கும் பெர்மிட், ராஃபிள்ஸ் பிளேசில் வங்கி வேலையில் இருப்பவருக்கும் பெர்மிட். டீக்கடைப் பேச்சில் இதனால் கெடுதல் எதுவும் இல்லை. மனிதவளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் தவறான ஆவணங்களைக் கேட்பார், தவறான தேதியைச் சொல்வார். வெளிநாட்டு ஊழியர் தன் தாய்மொழியில் எழுதிக் கேட்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். அவர் மனத்தில் இருப்பது அவர் நாட்டு நடைமுறை. படிப்பவர் மனத்தில் இருப்பது தான் இதுவரை கையாண்ட கோப்புகள். சட்டமோ இரண்டிலும் சேராமல் தனியாக இருக்கிறது.

சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஏப்ரல் 2026இல் கீழே உள்ளது போன்ற ஒரு மின்னஞ்சல் வருவதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் பிரெஞ்சுக் குடிமகன், வயது 35, மென்பொருள் பொறியாளர். விளக்கத்துக்காக அமைத்த கடிதம்தான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையில் அடிக்கடி கேட்கப்படுவது.

```
Objet : Renouvellement de mon permis de travail

Bonjour,
Mon permis expire le 14 septembre.
Quels documents fournir, et où prendre rendez-vous ?
Aurai-je un récépissé si la réponse tarde ?
Mon salaire : 108 000 brut par an, 13e mois compris.
Ma compagne pacsée garde-t-elle son droit de séjour ?
Mon passeport est valable jusqu'en janvier.
```

அதாவது: “என் வேலை அனுமதி செப்டம்பர் 14ஆம் தேதி முடிகிறது. என்னென்ன ஆவணங்கள் தர வேண்டும், எங்கே நேரம் பதிய வேண்டும்? பதில் வரத் தாமதமானால் எனக்கு ரசீது கிடைக்குமா? என் சம்பளம் பதின்மூன்றாம் மாதத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 108,000 வெள்ளி. பாக்ஸ் என்ற கூட்டு வாழ்க்கை ஒப்பந்தம் பதிவு செய்த என் துணைவிக்குத் தங்கும் உரிமை தொடருமா? என் கடவுச்சீட்டு ஜனவரி வரை செல்லும்.”

வரிகளின் பொருள் இவ்வளவுதான். பதில் எழுதுவதற்கு இது போதாது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் அனுமானம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் சரியான பதில் தர முடியும்.

## முதலில், இது எந்த அட்டை?

சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வேலை செய்வதற்கு மனிதவள அமைச்சு தரும் அனுமதிகள் பல வகை. மூன்றைத் தெரிந்துகொண்டால் நம் வேலைக்குப் போதும். கட்டுமானம், கப்பல் பட்டறை, உற்பத்தி போன்ற துறைகளின் ஊழியர்களுக்கு வொர்க் பெர்மிட். நடுத்தரத் திறனாளர்களுக்கு எஸ் பாஸ். நிபுணர்கள், மேலாளர்கள், நிர்வாகிகளுக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்; சுருக்கமாக இ.பி.

பிரெஞ்சில் எழுதுபவர் ‘பெர்மி த த்ராவாய்’ என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் அது ‘வொர்க் பெர்மிட்’ என்றுதான் வரும். ஆனால் வொர்க் பெர்மிட் குறிப்பிட்ட சில நாட்டவருக்கு மட்டுமே கிடைப்பது. மலேசியா, சீனா, இந்தியா, பங்ளாதேஷ் போன்ற நாடுகள் அந்தப் பட்டியலில் உண்டு, பிரான்ஸ் இல்லை. ஆகவே இந்தப் பொறியாளரின் கையில் இருப்பது இ.பி. அல்லது எஸ் பாஸ். அட்டையைப் பார்த்தால் மேலேயே எழுதியிருக்கும். அட்டையில் உள்ள க்யூ.ஆர். குறியை SGWorkPass செயலியில் வருடினால் அனுமதியின் வகையும் அது முடியும் தேதியும் தெரியும். ஊழியர் எழுதிய தேதியை நம்பிவிடாமல் இதை முதலில் பார்த்துவிட வேண்டும். நம் உதாரணத்தில் அது இ.பி.

வகையைத் தவறாக எடுத்தால் என்ன ஆகும்? வொர்க் பெர்மிட் கோப்புகளையே கையாண்டு பழகியவர் 5,000 வெள்ளி உத்தரவாதப் பத்திரம், மருத்துவக் காப்புறுதி, தீர்வை என்று கேட்கத் தொடங்குவார். இ.பி.க்கு இவை எதுவும் கிடையாது. அதே நேரத்தில் இ.பி.க்கு உரிய சம்பளத் தகுதியும் புள்ளிக் கணக்கும் அவர் கண்ணில் படாமல் போகும். கோப்பு விழுவது பெரும்பாலும் அந்த இரண்டில்தான்.

## விண்ணப்பிப்பவர் யார்?

ஊழியரின் இரண்டாவது கேள்வி, எங்கே நேரம் பதிய வேண்டும் என்பது. பிரான்சில் வேலை செய்யும் வெளிநாட்டவர் தன் தங்கும் அட்டையைத் தானே புதுப்பிக்க வேண்டும். மாவட்ட அரசு அலுவலகமான ப்ரெஃபெக்டூரிலோ அரசின் இணையத்தளத்திலோ அவரே விண்ணப்பிப்பார், அவரே ஆவணங்களைத் திரட்டுவார். அந்த வழக்கத்தை அறிந்தவர் இங்கேயும் தனக்கு ஓர் அலுவலகமும் ஒரு வரிசை எண்ணும் காத்திருக்கும் என்று நினைப்பது இயல்பு.

சிங்கப்பூரில் அப்படி இல்லை. வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் தண்ணீரும் பயன்படுத்துவது குடியிருப்பவர், ஆனால் கணக்கு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் சொல்லலாம், எஸ்.பி. குழுமத்திடம் தாமே போய் மாற்ற முடியாது. இ.பி.யும் அப்படித்தான். அட்டையில் ஊழியரின் பெயர் இருந்தாலும் விண்ணப்பம் முதலாளியின் பெயரில் போகிறது. நிறுவனமோ அது நியமித்த வேலை முகவரோ EP eService தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து விண்ணப்பிக்க வேண்டும். ஊழியர் நேரடியாக விண்ணப்பிக்க வழியே கிடையாது.

ஊழியரின் பங்கு மூன்று. தன்னைப் பற்றிய விவரங்களையும் ஆவணங்களையும் தருவது, விண்ணப்பிக்க எழுத்தில் சம்மதம் தருவது, அமைச்சு கேட்டால் விரல்ரேகை பதியப் போவது. முதல் இரண்டும் நிறுவனத்தோடு முடிகிறது. அமைச்சோடு அவருக்கு நேரடி வேலை கடைசியில்தான், அதுவும் கேட்டால்தான்.

இதுவரை பார்த்தது: அவர் பெர்மிட் என்று எழுதியது இ.பி. அதைப் புதுப்பிக்க வேண்டியது நிறுவனம். எனவே ‘எங்கே போவது’ என்ற கேள்விக்கு முதல் பதில், ‘எங்கும் போக வேண்டாம், ஆவணங்களை எங்களிடம் கொடுங்கள்’ என்பதுதான்.

## ஆண்டுச் சம்பளமும் மாதச் சம்பளமும்

இந்தக் கடிதத்தில் மிக ஆபத்தான வரி சம்பள வரி. படிக்கும்போது சாதாரணத் தகவலாகத் தோன்றும். விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இதில்தான் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் சம்பளத்தைப் பிடித்தம் போவதற்கு முந்தைய ஆண்டுத் தொகையாகச் சொல்வது வழக்கம். அதில் பல நிறுவனங்களில் பதின்மூன்றாம் மாதம் என்ற ஒன்றும் சேர்ந்திருக்கும்: ஆண்டுக்கு ஒரு முறை தரப்படும் ஒரு மாதச் சம்பளம். சிங்கப்பூரிலுள்ள பிரெஞ்சு நிறுவனங்கள் சில இதை ஒப்பந்தத்தில் அப்படியே வைத்திருக்கின்றன. எண்களை எழுதும் முறையும் வேறு. ஆயிரத்துக்கு நாம் காற்புள்ளி போடும் இடத்தில் அவர்கள் இடைவெளி விடுவார்கள். தசமப் புள்ளியின் இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். 8 307,69 என்று அவர் எழுதினால் அது எட்டாயிரத்து முந்நூற்று ஏழு வெள்ளி அறுபத்தொன்பது காசு.

அமைச்சு கேட்பது ‘நிலையான மாதச் சம்பளம்’. அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாமல் தரப்படும் படிகளும் சேர்ந்த தொகை அது. போனஸ், மிகைநேரச் சம்பளம், ஆண்டுக்கொரு முறை வரும் பதின்மூன்றாம் மாதம் ஆகியவை இதில் சேரா.

இப்போது கணக்கைப் போடுவோம். அவசரத்தில் 108,000ஐ 12ஆல் வகுத்தால் 9,000 வெள்ளி. ஆனால் ஒப்பந்தப்படி ஆண்டில் 13 முறை சம்பளம். 13ஆல் வகுத்தால் 8,307.69. மாதந்தோறும் கையில் வருவது இந்த இரண்டாவது தொகை. விண்ணப்பத்தில் எழுத வேண்டியதும் அதுவே.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? இ.பி.க்குக் குறைந்தபட்சச் சம்பளத் தகுதி உண்டு, அது வயதோடு ஏறும். 2025 ஜனவரி 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்கும், 2026 ஜனவரி 1 முதல் முடிவடையும் அட்டைகளின் புதுப்பிப்புக்கும், நிதித்துறை அல்லாத நிறுவனங்களில் இந்தத் தொகை 23 வயதில் 5,600 வெள்ளியில் தொடங்குகிறது. பிறகு ஆண்டுதோறும் சீராக உயர்ந்து 45 வயதிலும் அதற்கு மேலும் 10,700 வெள்ளியாகிறது. நிதித்துறையில் இதே ஏணி 6,200இல் தொடங்கி 11,800 வரை போகிறது. இந்த ஏற்றத்தில் 35 வயதுக்கு வரும் தொகை சுமார் 8,380 வெள்ளி.

9,000 என்று எழுதினால் தேறும். உண்மையான 8,307.69 தேறாது. ஏறக்குறைய 70 வெள்ளியில் விண்ணப்பம் விழுந்துவிடுகிறது.

அப்போது என்ன செய்வது? 9,000 என்று எழுதிவிட்டுப் பழைய ஒப்பந்தப்படியே சம்பளம் தருவது பொய்யான அறிவிப்பு. வெளிநாட்டு ஊழியரணி வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் அதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நேர்மையான வழிகள் இரண்டு. ஊழியரின் சம்மதத்தோடு ஒப்பந்தத்தைத் திருத்தி, பதின்மூன்றாம் மாதத்தை எடுத்துவிட்டு, அதே 108,000ஐ 12 மாதங்களாகப் பிரித்து மாதம் 9,000 தரலாம். நிறுவனத்துக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. அல்லது பதின்மூன்றாம் மாதத்தை வைத்துக்கொண்டே மாதச் சம்பளத்தை 8,400 ஆக்கலாம். ஆண்டுக்கு 1,200 வெள்ளி கூடுதலாகும். எதைச் செய்தாலும் திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே விண்ணப்பிக்க வேண்டும். பிறகு எழுதிய தொகையை மாதந்தோறும் உண்மையில் கொடுக்கவும் வேண்டும்.

முதல் இ.பி. கிடைத்தபோது இந்தச் சிக்கல் இருந்திருக்காது. அப்போது அவருக்கு வயதும் குறைவு, தகுதித் தொகையும் குறைவு. சம்பளம் அப்படியே நிற்க, ஏணி மேலே போய்விட்டது. ‘போன தடவை கிடைத்ததே’ என்ற நம்பிக்கையில் புதுப்பிக்கப் போய் மறுக்கப்படுவதற்கு இதுவே பெரிய காரணம்.

## காம்பஸ்: 40 புள்ளிகள்

சம்பளத் தகுதி முதல் வாசல்தான். அதைத் தாண்டினால் காம்பஸ் என்ற புள்ளி முறை. 2023 செப்டம்பர் முதல் புதிய விண்ணப்பங்களுக்கும், 2024 செப்டம்பர் முதல் புதுப்பிப்புக்கும் நடப்பில் உள்ளது. 40 புள்ளிகள் எடுத்தால் தேர்ச்சி. மாதச் சம்பளம் 22,500 வெள்ளியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

அடிப்படைக் கூறுகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளிகள். இரண்டு கூறுகள் ஊழியரைப் பற்றியவை: அவர் சம்பளம் அந்தத் துறையின் உள்ளூர் நிபுணர்களோடு ஒப்பிட எங்கே நிற்கிறது, அவர் படிப்பு என்ன. மற்ற இரண்டும் நிறுவனத்தைப் பற்றியவை: அவருடைய நாட்டவர் அங்கே எத்தனை பங்கு, உள்ளூர் நிபுணர்கள் எத்தனை பங்கு. இவை போக இரண்டு போனஸ் கூறுகளும் உண்டு. பெரும்பாலான கோப்புகளுக்கு அவை பொருந்தாது.

பிரெஞ்சு ஊழியர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது நாட்டவர் பங்கு. நிபுணர்களில் அந்த நாட்டவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் 20 புள்ளி. 5இலிருந்து 25க்குள் இருந்தால் 10. 25 அல்லது அதற்கு மேல் என்றால் பூஜ்யம். தாய் நிறுவனம் பிரான்சில் இருக்கும் கிளைகளில் பிரெஞ்சுக்காரர்கள் குவிந்திருப்பது இயல்பு, அங்கே இந்தப் பூஜ்யமும் இயல்பு. நம் உதாரண நிறுவனத்தில் 40 நிபுணர்கள், அவர்களில் 12 பேர் பிரெஞ்சுக்காரர்கள் என்று வைப்போம். 30 விழுக்காடு, புள்ளி இல்லை. உள்ளூர் நிபுணர் பங்கில் நிறுவனம் நன்றாக இருந்து 20 கிடைக்கிறது. சம்பள ஒப்பீட்டில் 10. ஆக 30. மீதி 10 எங்கிருந்து வரும்? படிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

நிபுணர்கள் 25 பேருக்கும் குறைவாக உள்ள சிறிய நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு வேறு. நிறுவனம் பற்றிய இரண்டு கூறுகளுக்கும் தலா 10 புள்ளி தானாகவே கிடைத்துவிடும்.

## பிரெஞ்சுப் பட்டத்தை என்ன செய்வது?

படிப்புக்குப் புள்ளி வேண்டுமென்றால் சான்றிதழின் நகல் மட்டும் போதாது. அந்தப் பட்டம் உண்மையானது என்பதற்குச் சரிபார்ப்புச் சான்று வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்களிடமிருந்தோ, பட்டங்களைச் சரிபார்க்கும் இணையத்தளங்கள் வழியாகவோ இதைப் பெற வேண்டும். சான்றிதழ் பிரெஞ்சில் இருப்பதால் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பதிவேற்ற வேண்டும். ஊழியரே உட்கார்ந்து மொழிபெயர்த்தது கூடாது. மொழிபெயர்ப்புச் சேவை நிறுவனத்திடம் செய்ய வேண்டும்.

சரிபார்ப்புக்கு நாளாகும். பிரான்சில் ஆகஸ்டு மாதம் விடுமுறைக் காலம், பல்கலைக்கழக அலுவலகங்கள் பதில் தராமல் கிடக்கும். செப்டம்பரில் முடியும் அட்டைக்கு ஜூலைக் கடைசியில் சரிபார்ப்பைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். ஏப்ரலிலேயே தொடங்கிவிட வேண்டும்.

படிப்பு இல்லாமலே 40 கிடைக்கும் என்றால் படிப்பை விண்ணப்பத்தில் அறிவிக்கத் தேவையில்லை, சரிபார்ப்புச் செலவும் மிச்சம். எனவே ஆவணங்களைக் கேட்பதற்கு முன்பே அமைச்சின் இணையத்தளத்திலுள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஊழியரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்பது அதில் தெரிந்துவிடும். புதிதாக ஆள் எடுக்கும்போது செய்வதுபோல 14 நாள் வேலை விளம்பரம் போட வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. புதுப்பிப்புக்கு அது வேண்டாம்.

மறுபடி சொன்னால்: முதலில் நிலையான மாதச் சம்பளம் வயதுக்குரிய தொகையைத் தாண்ட வேண்டும். பிறகு 40 புள்ளி. இந்த ஊழியருக்குப் படிப்பின் 10 புள்ளி இல்லாமல் முடியாது. ஆகவே பட்டம், மொழிபெயர்ப்பு, சரிபார்ப்புச் சான்று மூன்றும் கட்டாயம்.

## துணைவியின் நிலை

பிரான்சில் திருமணம் செய்யாமலே இருவர் தங்கள் கூட்டு வாழ்க்கையைச் சட்டப்படி பதிவு செய்யலாம். அந்த ஒப்பந்தம்தான் பாக்ஸ். அங்கே வரி உள்படப் பல விஷயங்களில் அவர்களைத் தம்பதியாகவே நடத்துகிறார்கள்.

சிங்கப்பூரில் அது திருமணமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. டிபெண்டன்ட்ஸ் பாஸ் என்ற குடும்ப அட்டை, சட்டப்படி மணந்த துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும்தான். பாக்ஸ் பதிவு செய்த துணைக்கு நீண்டகால வருகை அனுமதி என்ற வேறு அட்டை உண்டு. முதல்முறை அதைக் கேட்கும்போது அவர்கள் உறவை உறுதிசெய்யும் தூதரகக் கடிதமோ நோட்டரி முன் கையெழுத்திட்ட ஆவணமோ கேட்பார்கள். இரண்டு அட்டைகளுக்கும் ஊழியரின் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும்.

துணைவியின் அனுமதி தனியாக நிற்பதில்லை, ஊழியரின் இ.பி.யோடு கட்டுண்டது. இ.பி. புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். ‘தங்கும் உரிமை தொடருமா’ என்ற அவருடைய கேள்விக்குப் பதில்: உங்கள் இ.பி. தொடர்ந்து, அவருக்கும் சேர்த்து விண்ணப்பித்தால் தொடரும், தானாகத் தொடராது. அவருடைய கடவுச்சீட்டின் விவரப் பக்கத்தையும் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் இருவரும் திருமணம் செய்துகொண்டிருந்தால் அதையும் கேளுங்கள். அப்படியானால் வேண்டியது டிபெண்டன்ட்ஸ் பாஸ், அது புதிய விண்ணப்பம். பிரெஞ்சுத் திருமணச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதற்கு வேண்டும்.

பெயரையும் இங்கேயே பார்த்துவிடலாம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் பிறந்த குடும்பப் பெயர் ஒரு வரியிலும், மணமானபின் பயன்படுத்தும் பெயர் இன்னொரு வரியிலும் இருக்கலாம். மின்னஞ்சலின் கீழே அவர் போடும் பெயர் இரண்டில் எதுவாகவும் இருக்கக்கூடும். விண்ணப்பத்தில் போக வேண்டியது கடவுச்சீட்டில் உள்ளபடி மட்டுமே.

## ஜனவரியில் முடியும் கடவுச்சீட்டு

கடைசி வரியைப் போகிறபோக்கில் சொல்வதுபோல எழுதியிருக்கிறார். புதுப்பித்த இ.பி. அதிகபட்சம் 3 ஆண்டு வரை கிடைக்கலாம். ஆனால் அட்டை கடவுச்சீட்டைத் தாண்டி ஓடாது. 2027 ஜனவரியில் கடவுச்சீட்டு முடிந்தால், செப்டம்பரில் தொடங்கும் புதிய இ.பி. சில மாதங்களுக்கு மேல் கிடைக்காது. கட்டணமும் கட்டி, வேலையும் முடித்து, ஆண்டுக் கடைசியில் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிவரும்.

ஆகவே கடவுச்சீட்டை முதலில் புதுப்பிக்க வேண்டும். குளூனி பார்க் சாலையில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் நேரம் பதிந்து அவர் நேரில் போக வேண்டும். அவர் கேட்ட ‘நேரம் பதிவு’ உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். புதிய கடவுச்சீட்டு கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். பெரியவர்களுக்கு அது 10 ஆண்டு செல்லும். எண் மாறியிருக்கும் என்பதால் புதிய விவரத்தை அமைச்சிடம் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். அட்டையிலுள்ள ஃபின் என்ற வெளிநாட்டவர் அடையாள எண் மாறாது.

## தாமதமானால் ரசீது கிடைக்குமா?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் ‘ஆமாம், விண்ணப்ப எண் கிடைக்கும்’ என்று பதில் எழுதிவிடுவது எளிது. அது பெரிய தவறு. பிரான்சில் ரெசெபிஸே என்பது வெறும் ரசீது அல்ல. அட்டை புதுப்பிப்பு நிலுவையில் இருக்கும்போது அங்கே தங்குவதற்கும், பெரும்பாலும் வேலை செய்வதற்கும் சட்டப்படி அனுமதி தரும் தாள் அது. அவர் கேட்பது: அட்டை முடிந்துபோனாலும் நான் வேலையைத் தொடரலாமா?

சிங்கப்பூரில் பதில்: கூடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதை வைத்துக் காலாவதியான இ.பி.யில் வேலை செய்ய முடியாது. அதனால் பாதுகாப்பு வேண்டுமென்றால் அது நாள்காட்டியில்தான் இருக்கிறது.

இ.பி.யை அது முடிவதற்கு 6 மாதம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். செப்டம்பர் 14இல் முடியும் அட்டைக்கு வாசல் மார்ச் நடுவிலேயே திறந்துவிட்டது. இணையத்தில் செய்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுமார் 10 வேலை நாளில் முடிவு தெரியும். அப்படியானால் ஆகஸ்டில் விண்ணப்பித்தால் போதாதா? அமைச்சு கூடுதல் ஆவணம் கேட்டால் போதாது. மறுத்துவிட்டால் சுத்தமாகப் போதாது. மேல்முறையீடு செய்ய முடியும் என்றாலும் அதன் பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகும், அந்த வாரங்கள் அட்டையின் காலத்தை நீட்டித் தராது.

இந்தக் கோப்புக்கு நடைமுறையில் பொருந்தும் வரிசை இது. ஏப்ரலில் சுயமதிப்பீடு, ஒப்பந்தத் திருத்தம் பற்றிய பேச்சு, கடவுச்சீட்டுக்கு நேரப் பதிவு, பட்டச் சரிபார்ப்பு ஆகிய நான்கும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். மே மாதத்தில் திருத்திய ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஜூன் நடுவில் புதிய கடவுச்சீட்டு, மொழிபெயர்ப்பு, சரிபார்ப்புச் சான்று, எழுத்துச் சம்மதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஜூன் இறுதிக்குள் விண்ணப்பம். ஜூலையில் ஏதாவது கேட்டால் பதில் தர நேரம் இருக்கும், மறுத்தாலும் இரண்டு மாதம் மிச்சம் இருக்கும்.

## எந்த மொழியில் பதில் எழுதுவது?

பிரெஞ்சில் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமைச்சுக்குப் போவதெல்லாம் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் பிரெஞ்சு மின்னஞ்சலை அப்படியே கோப்பில் போட்டு வைப்பது ஆகாது. ஊழியர் சொன்ன தகவல்களை ஆங்கிலத்தில் எழுதி, ‘நீங்கள் சொன்னது இதுதானா?’ என்று அவரிடமே உறுதி கேட்க வேண்டும். அட்டை முடியும் தேதி, கடவுச்சீட்டு முடியும் தேதி, மாதந்தோறும் வரும் தொகை, ஆண்டுக்கு எத்தனை முறை சம்பளம், துணையோடு உள்ள உறவின் சட்ட நிலை ஆகிய ஐந்தும் எண்ணாகவோ ஒரு சொல்லாகவோ வர வேண்டும். ‘சம்பளம் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்டால் மறுபடி ஆண்டுத் தொகைதான் வரும். ‘மார்ச் மாதச் சம்பளச் சீட்டில் உள்ள அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?’ என்று கேளுங்கள்.

புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பிரெஞ்சு படித்த நண்பர் பலருக்கு இருப்பார். ஒரு வாக்கியத்தின் பொருளை அவரிடம் கேட்டால் தவறில்லை. கடவுச்சீட்டுப் படத்தோடும் சம்பள விவரத்தோடும் மின்னஞ்சலையே அவருக்கு அனுப்புவது தவறு. அது ஊழியரின் தனிப்பட்ட தரவு. சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதற்கு நிறுவனம் பொறுப்பு.

## அனுமதி வந்த பிறகு

விண்ணப்பம் ஏற்கப்பட்டதோடு வேலை முடிந்தது என்று பல அலுவலகங்கள் நினைத்துவிடுகின்றன. ஒப்புதல் வந்தபின், பழைய அட்டை முடிவதற்குள், நிறுவனம் அதே தளத்தில் மறுபடி நுழைந்து புதிய அட்டையை ‘வழங்க’க் கோர வேண்டும். அதற்குக் கட்டணம் 225 வெள்ளி. இந்தப் படியை விட்டால் ஒப்புதல் கடிதம் கையில் இருந்தும் அட்டை செல்லாது.

வழங்கிய பிறகு ஓர் அறிவிப்புக் கடிதம் வரும். ஊழியர் விரல்ரேகையும் படமும் பதிய வேண்டுமா என்பது அதில் எழுதியிருக்கும். 5 ஆண்டுக்குள் ஏற்கெனவே விரல்ரேகை பதிந்தவர்களுக்குப் பொதுவாக அது தேவைப்படாது. தேவை என்றால் பெண்டமியர் சாலையிலுள்ள மனிதவள அமைச்சுச் சேவை நிலையத்தில் நேரம் பதிந்து போக வேண்டும். தேவையில்லை என்றால், மின்னஞ்சலில் அவர் கேட்ட நேரப் பதிவு தூதரகத்தோடு முடிந்தது.